உங்களுக்குத் தெரியுமா? நான்குக்கு ஒன்று: ஒரு புலக்கோட்டுப் படத்தின் உள்கணக்கு

150 ஆண்டுப் பழைய படம்

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்காந்தவியல் பெருநூலின் முதல் தொகுதியில், கடைசிப் பக்கங்களில் சில கோட்டுப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டாவது படம் இரண்டு மின்துகள்களைக் காட்டுகிறது. ஒன்றின் மின்னூட்டம் +20, மற்றதன் மின்னூட்டம் −5. இன்றைய பாடநூல்களில் வரும் சமமற்ற மின்துகள் படங்களுக்கெல்லாம் அதை மூத்த படம் என்று சொல்லலாம். மைக்கேல் ஃபாரடே சமன்பாடுகள் எழுதியவர் அல்லர். இரும்புத்தூள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து விசைக் கோடுகளை மனத்தில் கண்டவர். அந்தக் கோடுகளை எண்ணிக்கையோடு தாளில் இறக்கியவர் மேக்ஸ்வெல்.

அதே 4:1 விகிதத்தை நாமும் எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் +4 நானோகூலூம், அதற்கு நேர் வலப்பக்கம் 30 செ.மீ. தள்ளி −1 நானோகூலூம். ஒரு நானோகூலூம் மின்துகளிலிருந்து r மீட்டர் தொலைவில் மின்புலத்தின் அளவு 9/r² நியூட்டன்/கூலூம். கீழே வரும் மின்புலக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாய்பாடு போதும்.

புலம் எங்கே சுழியாகும்?

இரண்டு மின்துகள்களுக்கும் நடுவில் என்றுதான் பலர் முதலில் விரல் வைப்பார்கள். நடுப்புள்ளியில் போட்டுப் பாருங்கள். 15 செ.மீ. தொலைவில் +4 தருவது 1600, −1 தருவது 400. நேர்மின்துகள் வலப்பக்கம் தள்ளுகிறது, எதிர்மின்துகளும் வலப்பக்கமே இழுக்கிறது. ஆகவே இரண்டும் கூடி 2000 ஆகின்றன. நடுவில் எங்கு நின்றாலும் இதே கதைதான், அங்கே புலம் சுழியாக வழியே இல்லை.

இரண்டு புலங்களும் எதிரெதிராக இருக்க வேண்டும், அளவிலும் சமமாக இருக்க வேண்டும். வலிமை குறைந்த மின்துகள் அருகிலும், வலிமை மிகுந்தது தொலைவிலும் இருந்தால்தான் அது நடக்கும். எனவே சிறிய மின்துகளுக்கு அப்பால் போக வேண்டும். பெரியதிலிருந்து 60 செ.மீ. தொலைவில் அதன் புலம் 36/0.36 = 100. அந்த இடம் சிறியதிலிருந்து 30 செ.மீ.; அங்கே அதன் புலம் 9/0.09 = 100. ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். அதுதான் சுழிப்புள்ளி. மேக்ஸ்வெல் தன் படத்தில் இந்த இடத்தைச் சமநிலைப் புள்ளி என்று குறித்திருக்கிறார். பெரிய துகளிலிருந்து, இரண்டு துகள்களுக்கும் உள்ள இடைவெளியைப் போல் இரு மடங்கு தொலைவில் அது இருக்கிறது.

விலகிப் போகப் போகப் புலம் கூடும் இடம்

மின்துகளை விட்டு விலகினால் புலம் குறையும் என்பது ஒற்றைத் துகளுக்கு எப்போதும் பொருந்தும். இங்கே பொருந்தாது. 60 செ.மீ.இல் சுழியான புலம், அதைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி வளரத் தொடங்குகிறது. ஏறத்தாழ 81 செ.மீ.இல் அது 20 நியூட்டன்/கூலூம் வரை உயர்ந்து, பிறகுதான் இறங்குகிறது. மேக்ஸ்வெல் இந்த உச்சியையும் ஒரு தனி எழுத்தால் குறித்திருந்தார்.

60 பாகைக் கூம்பு

பெரிய மின்துகளிலிருந்து புறப்படும் கோடுகளில் எவை சிறியதில் போய் முடியும், எவை முடிவிலிக்குப் போகும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு கோட்டைக்கூட வரைய வேண்டாம்.

சிறியது விழுங்கக்கூடிய பாயம் அதன் மின்னூட்டமான 1 அளவே. பெரியதிலிருந்து கிளம்பும் பாயம் 4. ஆகவே நான்கில் ஒரு பங்கு உள்ளே போகிறது. அந்தக் கால்பங்கு, சிறியதை நோக்கிய அச்சைச் சுற்றி ஒரு கூம்பாகக் கிளம்ப வேண்டும். கூம்பின் அரைக்கோணம் α என்றால், அது அடைக்கும் பங்கு (1 − cos α)/2. இதை 1/4 என்று வைத்தால் cos α = 1/2, அதாவது α = 60°. அச்சிலிருந்து 60 பாகைக்குள் கிளம்பும் ஒவ்வொரு கோடும் சிறியதில் முடியும். 60 பாகையைத் தாண்டிக் கிளம்பியது எதுவும் அங்கே போகாது. இடைவெளி 30 செ.மீ.ஆக இருந்தாலும் 30 மீட்டராக இருந்தாலும் இந்தக் கோணம் மாறாது, மின்னூட்ட விகிதம் ஒன்றுதான் அதைத் தீர்மானிக்கிறது.

இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. படத்தின் எலும்புக்கூடு முழுவதும் ஒரு வரிக் கணக்கில் வந்துவிடுகிறது.

பாகைமானி போதும், புலத்தைக் கணக்கிட வேண்டாம்

கோடு வரைவது என்றால் புள்ளி புள்ளியாகப் புலத்தின் திசையைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது என்று நினைக்கிறோம். மேக்ஸ்வெல் வேறு வழியைச் சொல்லித் தந்தார். எல்லா மின்துகள்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், ஒரு விசைக் கோட்டின் மேல் எங்கு நின்றாலும் ஒரு கூட்டுத்தொகை மாறாமல் இருக்கும். நம் படத்துக்கு அது

4 cos θ₁ − cos θ₂

இதில் θ₁ என்பது பெரிய துகளிலிருந்து அந்தப் புள்ளியைப் பார்க்கும் கோணம், θ₂ சிறிய துகளிலிருந்து பார்க்கும் கோணம். இரண்டையும் அச்சின் வலப்பக்கத் திசையிலிருந்து அளக்க வேண்டும். இந்தக் கூட்டுத்தொகை ஏன் மாறுவதில்லை? ஒரு விசைக் கோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் ஒரு குழாய் கிடைக்கும். குழாயின் சுவரைத் துளைத்து எந்தக் கோடும் போக முடியாது. எனவே குழாய்க்குள் ஓடும் பாயம் மாறாது. அந்தப் பாயத்தைத்தான் இந்தக் கூட்டுத்தொகை வேறு உருவில் சொல்கிறது.

கூட்டுத்தொகை 2 உள்ள கோட்டை வரைவோம். இடப்பக்க மூலையில், பெரிய துகளை ஒட்டி நின்று பார்த்தால், சிறிய துகளிலிருந்து அந்த இடம் நேர் பின்னால் இருக்கிறது. எனவே θ₂ = 180°, − cos θ₂ = 1. மீதி 4 cos θ₁ = 1 ஆக வேண்டும். cos θ₁ = 0.25, கோணம் 75.5°. கோடு கிளம்பும் திசை இதுதான்.

அடுத்து θ₂ = 120° என்ற கதிரைச் சிறிய துகளிலிருந்து இழுங்கள். அதில் − cos θ₂ = 0.5. அப்படியானால் 4 cos θ₁ = 1.5, கோணம் 68°. பெரியதிலிருந்து 68 பாகைக் கதிரை இழுத்தால் இரண்டும் வெட்டும் இடம் வலப்பக்கம் 12.4 செ.மீ., உயரம் 30.6 செ.மீ. அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.

பிறகு θ₂ = 90°, சிறிய துகளுக்கு நேர் மேலே. அப்போது 4 cos θ₁ = 2, கோணம் 60°. வெட்டும் இடம் வலப்பக்கம் 30, உயரம் 52. அடுத்து θ₂ = 60° என்றால் 4 cos θ₁ = 2.5, கோணம் 51.3°. வெட்டும் இடம் வலப்பக்கம் 107.6, உயரம் 134.4. மிகத் தொலைவில் θ₁, θ₂ இரண்டும் ஒன்றாகிவிடும். அப்போது 3 cos θ = 2, கோணம் 48.2°. கோடு வெளியேறும் திசை இது.

மூன்று புள்ளி, முதல் திசை, கடைசித் திசை. இவற்றை ஒரு வளைவால் இணைத்தால் கோடு தயார். கூட்டுத்தொகை 1, 0, −1 என்று மாற்றிக்கொண்டே போனால் மற்றக் கோடுகளும் இதே போல் வந்துவிடும். துகள்கள் முக்கோணமாகவோ சதுரமாகவோ நின்றால் மட்டும் இந்த வழி உதவாது. அச்சைச் சுற்றிய சமச்சீர் இல்லாத இடத்தில் குழாய்க் கணக்கு இப்படி எளிதாக வராது.

எங்கிருந்து கிளம்பியதாகத் தெரியும்?

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நம் இணை ஒரே ஒரு +3 நானோகூலூம் மின்துகள் போலத் தெரியும். அது பெரிய துகள் இருக்கும் இடத்தில் இருப்பதாகவும் தெரியாது. வெளியே போன கோடுகளைப் பின்னோக்கி நேராக நீட்டினால், அவை பெரிய துகளுக்கு இடப்பக்கம் 10 செ.மீ. தள்ளி, எதுவுமே இல்லாத ஒரு புள்ளியில் கூடும். (4 × 0 − 1 × 30)/3 = −10 என்பதுதான் கணக்கு. நிறை மையம் காண்பது போலவே, எதிர்க் குறியோடு.

‘கோடுகள் வெட்டிக்கொள்ளாது’

சரியாக 60 பாகையில் கிளம்பிய கோடு என்ன ஆகும்? அது சிறியதிலும் முடியாது, வெளியேயும் தப்பாது. வளைந்து வந்து சுழிப்புள்ளியில் அச்சைச் செங்கோணத்தில் தொடும். அங்கே அச்சின் மேல் இரு பக்கமும் கோடுகள் பிரிகின்றன. ஒன்று இடப்பக்கம் சிறிய துகளுக்கு, மற்றது வலப்பக்கம் முடிவிலிக்கு. வெட்டிக்கொண்டால் ஒரே இடத்தில் புலத்துக்கு இரண்டு திசை வந்துவிடும் என்பதுதான் விதிக்குச் சொல்லும் காரணம். சுழிப்புள்ளியில் புலமே இல்லை, ஆகவே திசையும் இல்லை. கோடுகள் அங்கே சந்திப்பது விதிமீறல் ஆகாது.

எட்டு சென்டிமீட்டர் கோளம்

இதே படத்தில் மின்னழுத்தம் சுழியாகும் பரப்பு ஒன்று உண்டு. சுழிப்புள்ளி வழியாக அது போகாது. பெரியதிலிருந்து 24 செ.மீ. தொலைவில் அழுத்தம் 150 − 150 = 0. அதே போல் 40 செ.மீ.இல் 90 − 90 = 0. இவ்விரண்டையும் விட்டமாகக் கொண்ட 8 செ.மீ. ஆரக் கோளம்தான் அந்தப் பரப்பு. சிறிய துகள் அதற்குள் இருக்கிறது. அந்த இடத்தில் புவியோடு இணைத்த ஓர் உலோகக் கோளத்தை வைத்துவிட்டுச் சிறிய துகளை எடுத்துவிட்டாலும், வெளியே உள்ள கோடு ஒன்றுகூட அசையாது. வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, கண்ட பிம்ப முறை இதுவே.

தட்டைத் தாளில் வரும் பிழை

‘கோடுகளின் எண்ணிக்கை மின்னூட்டத்துக்கு நேர்விகிதம், கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் புலம் வலிமையானது.’ பிளஸ் டூ மாணவர் எல்லாரும் எழுதும் இரண்டு விதிகள். இவ்விரண்டையும் ஒரே தாளில் காப்பாற்ற முடியாது என்பதைச் சிறு கணக்கே காட்டிவிடும்.

+4 மின்துகளைச் சுற்றித் தாளில் 16 கோடுகளைச் சம இடைவெளியில், 22.5 பாகைக்கு ஒன்றாக வரையுங்கள். விதிப்படி −1 துகளில் 4 கோடுகள் முடிய வேண்டும். ஆனால் 60 பாகைக்குள் கிளம்புபவை எல்லாம் அங்கே போகும் என்று முன்பே பார்த்தோம். அச்சிலேயே ஒரு கோட்டைத் தொடங்கினால் 0, ±22.5, ±45 என்று ஐந்து கோடுகள் உள்ளே விழும். அச்சுக்கு இரு பக்கமும் 11.25 பாகையில் தொடங்கினால் ஆறு கோடுகள். நான்கு எப்படியும் வராது. வெளியில் கால்பங்கை அடைக்கும் 60 பாகைக் கூம்பு, தாளில் 360க்கு 120 பாகை, அதாவது மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதனால் வந்த வித்தியாசம் இது. நான்கு கோடுகள் அழகாக முடியும் படத்தை எங்காவது பார்த்தால், கோடுகளின் தொடக்கக் கோணங்களைக் கவனியுங்கள். அவை சம இடைவெளியில் இருந்தால், வளைவுகள் கணக்கில் வந்தவை அல்ல, கையால் வளைத்தவை.

இரண்டாவது விதியும் இப்படியே உடைகிறது. ஒற்றை மின்துகளிலிருந்து 16 கோடுகள். 10 செ.மீ. தொலைவில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 3.9 செ.மீ.; 20 செ.மீ. தொலைவில் 7.9 செ.மீ. தாளில் நெருக்கம் பாதியாகிறது. புலமோ நான்கில் ஒன்றாகிவிட்டது. கோடுகள் வெளியில் பரப்பின் மேல் விரிகின்றன, தாளில் வட்டத்தின் மேல் மட்டுமே விரிகின்றன.

மேக்ஸ்வெல்லின் முறையில் தொடக்கக் கோணங்கள் சம இடைவெளியில் இல்லை. cos θ சமமாக மாறும்படி 0, 41.4, 60, 75.5, 90 பாகை என்று போகின்றன. இதில் −1 துகளில் முடியும் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒற்றை மின்துகளின் படத்தில்கூடக் கோடுகள் நடுவில் நெருங்கி, அச்சருகே வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நெருக்கத்தைப் பார்த்து அங்கே புலம் வலியது என்று நினைத்தால் தவறு. 1996இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை இந்தச் சிக்கலை விரிவாக அலசி, புலக்கோட்டுப் படங்கள் பயன்படாது என்றே தலைப்பிட்டது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். திசையையும், எந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதையும் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வலிமையைக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கணினியும் வழுக்கும்

கணினி வரையும் கோடுகள் சிறு சிறு நேர்கோடுகளின் தொடர். பெரிய துகளுக்கு நேர் மேலே 30 செ.மீ. உயரத்தில் தொடங்குவோம். அங்கே புலம் வலப்பக்கம் 35, மேல்நோக்கி 365. அந்தத் திசையில் ஒரே அடியாக 5 செ.மீ. நகர்ந்தால், வந்து சேரும் இடம் வலப்பக்கம் 0.48, உயரம் 34.98. சரியான கோட்டின் மேல்தான் நிற்கிறோமா? கூட்டுத்தொகையைப் பாருங்கள். தொடக்கத்தில் 0.707, ஓர் அடிக்குப் பின் 0.700. ஒரே அடியில் ஒரு விழுக்காடு விலகல். கோடு வளையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே ஒவ்வோர் அடியும் தள்ளுவதால் பிழை சேர்ந்துகொண்டே போகும். பாதி அடி நகர்ந்து, அங்குள்ள திசையைக் கண்டு, அந்தத் திசையில் முழு அடி வைப்பது நல்ல மருந்து.

ஓடும் துகள் கோட்டைப் பின்பற்றாது

வளைந்த புலக்கோட்டின் மேல் ஒரு நேர்மின்துகளை விட்டால் அது கோட்டோடு ஓடாது. கோடு காட்டுவது விசையின் திசை, அதாவது முடுக்கத்தின் திசை. வேகம் பிடித்த துகள் வளைவில் வெளியே விலகிவிடும். கோடு நேராக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்று.

நெல்லையில் ஒரு காந்தச் சுழிப்புள்ளி

காந்தப்புலத்திலும் சுழிப்புள்ளியை எளிதாகப் பிடிக்கலாம். தமிழ்நாட்டில் புவிகாந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, வடக்கு நோக்கி. நிலைக்குத்தான ஒரு கம்பியில் மேல்நோக்கி 10 ஆம்பியர் ஓடட்டும். r மீட்டர் தொலைவில் கம்பியின் புலம் 2/r மைக்ரோடெஸ்லா, ஆக 5 செ.மீ.இல் அதுவும் 40. மேலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கம்பிக்குக் கிழக்கே வடக்கு நோக்கி, மேற்கே தெற்கு நோக்கி. எனவே கிழக்கே 5 செ.மீ.இல் மொத்தம் 80, மேற்கே 5 செ.மீ.இல் சுழி. காந்த ஊசியை மேற்கே மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், அந்த இடத்தில் ஊசி திசை தெரியாமல் தடுமாறும். அதைத் தாண்டியதும் வடக்குக்குத் திரும்பும்.

கோடுகள் எப்படி இருக்கும்? கம்பியை ஒட்டியவை மூடிய வளையங்கள். தொலைவில் உள்ளவை கம்பியைச் சுற்றாமல் சற்று வளைந்து வடக்கே போய்விடும். இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு சுழிப்புள்ளி வழியாகப் போகிறது. அது மேற்கே 5 செ.மீ. வரை நீண்டிருந்தாலும், கிழக்கே 1.4 செ.மீ.இலேயே கம்பியைக் கடந்து திரும்பிவிடுகிறது. கம்பியைச் சுற்றி ஒழுங்கான வட்டங்களை மட்டும் காட்டும் படங்களில் இந்தப் புவிப்புலம் சேர்க்கப்படவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனைக்குத் திருநெல்வேலி பொருத்தமான ஊர். காந்த நடுக்கோடு அருகில் இருப்பதால் புவிப்புலம் அங்கே ஏறக்குறைய முழுக்கக் கிடைத்தளமாகவே இருக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அந்த நடுக்கோட்டுக்காகத்தான். டெல்லியில் புவிப்புலம் 40 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. அங்கே ஊசி தடுமாறும் புள்ளியிலும் நிலைக்குத்துக் கூறு அப்படியே மிஞ்சும். புலம் உண்மையில் சுழி ஆவதில்லை.

காந்தக் கோடு மூடித்தான் தீர வேண்டுமா?

காந்தவிசைக் கோடுகள் மூடிய வளையங்கள் என்று படிக்கிறோம். விதி சொல்வது அதைவிடக் குறைவு: ஒரு மூலத்தில் கிளம்பி ஒரு மூலத்தில் முடியும் கோடு காந்தப்புலத்தில் கிடையாது. வளையமாக மூட வேண்டும் என்று எங்கும் இல்லை.

10 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டக் கம்பி, அதன் மையத்தின் வழியே செங்குத்தாக ஒரு நேர்க்கம்பி, இரண்டிலும் ஒரே மின்னோட்டம். வட்டக் கம்பியிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு கோட்டைத் தொடருங்கள். வட்டக் கம்பியின் புலம் கோட்டை அக்கம்பியைச் சுற்றிச் சுருட்டுகிறது, நேர்க்கம்பியின் புலம் அதையே வட்டத்தின் நீளவாக்கில் நகர்த்துகிறது. தோராயக் கணக்கில், ஒரு சுருளுக்குக் கோடு வட்டத்தில் நூறில் ஒரு பங்கு நகரும். ஏறத்தாழ 100 சுருளில் ஒரு சுற்று முடியும். அந்த எண்ணிக்கை சரியாக முழு எண்ணாகவோ பின்னமாகவோ அமைந்தால் கோடு எப்போதாவது தன் தொடக்கத்தைத் தொட்டு மூடும். ஒரு கம்பியின் மின்னோட்டத்தை மட்டும் சற்றே மாற்றி அது விகிதமுறா எண் ஆகிவிட்டால், அந்தக் கோடு அதே வளையப் பரப்பின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருபோதும் மூடாது.